வேண்டாம் என்ற பெயர்கள்

உப்போடையில் ஐயம்பெருமாளுக்கும் பேச்சியம்மாளுக்கும் பெண் குழந்தை பிறந்த வருஷம், அந்தக் குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லப்பட்ட பெயர்களில் ஒன்றுகூடக் காற்றோடு போகவில்லை. வேண்டாம் என்று சொன்னவருடைய கண் அந்த நேரத்தில் எதன் மேல் இருந்ததோ அதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது, பெயர் உட்கார்ந்த பொருள் அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் ஏனென்று கேட்டது. இதற்குக் காரணம் என்னவென்று உப்போடையில் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய வேறு விஷயங்கள் அந்த ஊரில் நிறைய இருந்தன: நான்கு நாளைக்கு ஒரு தரம் வருகிற தண்ணீர், நிறுத்தத்தில் நிற்காமல் போகிற பேருந்து, அந்தி சாய்ந்ததும் அணைந்துவிடுகிற தெருவிளக்கு.

பெயர்களைச் சொன்னவள் குணசுந்தரி. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அவளும் அவள் புருஷன் தெய்வநாயகமும் அச்சாபீஸ் வைத்திருந்தார்கள். அவர் அச்சடிப்பார், தாள் வெட்டுவார், அவள் கணினி முன்னால் உட்கார்ந்து எழுத்துக் கோப்பாள். கல்யாணப் பத்திரிகை, சடங்குப் பத்திரிகை, கிரகப்பிரவேசம், கருமாதி என்று இருபத்திரண்டு வருஷமாக அந்த வட்டாரத்துப் பெயர்களெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயின. அதனாலேயே கடை திறக்கிறவர்களும் பிள்ளை பெற்றவர்களும் அவளிடம் வந்து நின்றார்கள். ‘அச்சாபீஸ் அக்காட்ட கேட்டா நல்ல பேரா சொல்லும்’ என்பது ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் மறுபக்கம் தலைவலியாகவும் இருக்கும், ஏனென்றால் வந்து நிற்கிற யாரும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொன்னதே கிடையாது.

குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் ஐயம்பெருமாள் வந்தான். மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிறவன். கூடவே அவனுடைய அக்கா பூரணமும் வந்தாள். பிள்ளையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை, ஆகவே பெயர் விஷயத்தில் கடைசிச் சொல் தன்னுடையது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

“பொம்பளப் பிள்ளக்கா. ஒரு நல்ல பேரா சொல்லுங்க” என்றான் ஐயம்பெருமாள்.

“எப்படி வேணும்? சாமி பேரா, தமிழ்ப் பேரா, இப்ப வைக்கிற மாதிரி ஸ்டைலாவா? வீட்டுப் பெரியவங்க பேரு எதும் வரணுமா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. எதுனாலும் சரிதான்.”

எதுனாலும் சரிதான் என்று சொல்லுகிறவர்களைக் குணசுந்தரிக்குத் தெரியும். அவர்கள் மனசுக்குள் ஒரு பெயர் இருக்கும், அது என்னவென்று அவர்களுக்கே தெரியாது, மற்ற எல்லாப் பெயரும் அதுவல்ல என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்காக அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துப் பன்னிரண்டு பெயர்களை எடுத்து முன்னால் போடுவாள். சாமி பெயர் இரண்டு, பழைய வீட்டுப் பெயர் இரண்டு, தமிழ்ப் பெயர் நான்கு, வடமொழியில் இரண்டு, இரண்டெழுத்தில் சின்னதாக இரண்டு. அவர்கள் எல்லாவற்றையும் வேண்டாம் என்பார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பதைத்தான் கவனிப்பாள். ‘பழசா இருக்கே’ என்றால் காலம் பிடிக்கவில்லை. ‘வாயில நுழையல’ என்றால் நீளம் பிடிக்கவில்லை. ‘இதுக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்டால் அவர்களுக்கு அர்த்தம் வேண்டும், கேட்காவிட்டால் சத்தம் போதும். ‘அந்தப் பேர்ல எங்க ஆபீஸ்ல ஒருத்தி இருந்தா’ என்று முகம் சுளித்தால் பெயரில் குற்றமில்லை, அந்த ஒருத்தியோடு ஏதோ வழக்கு. இப்படிப் பன்னிரண்டு வேண்டாமில் பாதை தெரிந்துவிடும், அடுத்த தடவை ஐந்து பெயர் சொன்னால் அதில் ஒன்று அமைந்துவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாள். உலகம்மை, மீனலோசனி, ஆவுடைத்தங்கம், சீதாலட்சுமி, நறுமுகை, யாழிசை, அல்லி, தாரகை, லக்ஷிதா, ஹர்ஷிணி, நிலா, ரியா.

ஐயம்பெருமாள் வாசலைப் பார்த்தபடி உதட்டைப் பிதுக்கினான். நிற்காமல் போன பேருந்தைப் பார்த்துக்கொண்டே “லக்ஷிதா வேண்டாம்க்கா, எழுதத் தெரியாது” என்றான். எதிர்ச்சாரியில் இருந்த பொதுக்குழாயைப் பார்த்தபடி “அல்லின்னா ரொம்பச் சின்னதா இருக்கு” என்றான். பூரணம் தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்து, “யாழிசையா? இங்லீசுல எழுதினா வேற என்னமோன்னுல்லா படிப்பான்” என்றாள். மற்றதும் இப்படியே போனது, சிலது அங்கேயே, சிலது வீட்டுக்குப் போய்ப் பேசியபோது. குணசுந்தரி குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை குழாயடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு அல்லி என்று வைக்கச் சொன்னார்களாம், பூரணமும் தம்பியும் வேண்டாம் என்றார்களாம் என்று ஒருத்தி சொல்லி முடிப்பதற்குள் குழாய் திறந்துகொண்டு தண்ணீர் கொட்டியது. அது தண்ணீர் வருகிற நாளே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டு பேரும் குடம் எடுத்து வர ஓடினார்கள். பத்து மணிக்குள் தெரு முழுவதும் அல்லி, அல்லி என்ற சத்தமாக இருந்தது. கோபமாகக் கூப்பிட்டால் குழாய் நூல் பிடித்த மாதிரி ஒழுகும், அன்பாகக் கூப்பிட்டால் குடம் நிறைய விடும் என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு புருஷன் பிள்ளைகளிடம் காட்டாத பணிவையெல்லாம் குழாயிடம் காட்டினார்கள். பேருந்துக்கு நேராக நின்று ‘லக்ஷிதா’ என்று கூப்பிட்டால் அது ஓட்டுநர் காலுக்குக் கட்டுப்படாமல் நின்றது. அவர் ஒரு வாரம் பிரேக்கைப் பழுது பார்த்தார், அப்புறம் பழகிவிட்டார், நிறுத்தத்தை நெருங்கும்போது நடத்துநரே எட்டிப் பார்த்து “யாராவது கூப்பிடுதீகளா?” என்று கேட்க ஆரம்பித்தார். தெருவிளக்கு யாழிசை ஆயிற்று. பூரணம் வீட்டு இரும்புக் கதவு நறுமுகை ஆயிற்று, கூப்பிட்டால் திறந்தது, ஆனால் சாத்துவதற்கு ஆள் போக வேண்டியிருந்தது.

குணசுந்தரிக்கு இந்தச் செய்தி மகிழ்ச்சியைக் கொடுக்கவில்லை. அவள் கணக்கில் வேண்டாம் என்ற பெயர் வெறும் வழிகாட்டி, தேவைப்பட்டால் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் வேண்டாம் என்று சொன்ன பெயருக்கே சுற்றி வந்து சேர்ந்த குடும்பங்களை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். இப்போது அப்படி முடியாது. தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தாரகை என்று கூப்பிட்டால் மேலே மின்விசிறிதான் சுற்றியது. குழந்தை திரும்பவில்லை. பெயர் சொல்லச் சொல்லப் பெயர் தீர்ந்தது.

இரண்டாவது தடவை வந்தபோது பூரணம் ஒரு சீட்டு கொண்டுவந்தாள். “பிள்ளைக்குத் திருவாதிரை நட்சத்திரம். கு, க, ங, ச. இந்த எழுத்துலதான் வரணும்னு சோசியர் சொல்லிட்டாரு.”

“இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. பன்னெண்டு பேரு போச்சே.”

“நீங்க கேக்கலியே.”

“கேட்டேன். எதுனாலும் சரிதான்னு உங்க தம்பிதான் சொன்னாரு.”

“அவன் சொன்னான். நான் சொன்னேனா?”

குணசுந்தரி பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு எழுத்திலும் தேடினாள். ங-வில் தமிழ்நாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது என்பதை முதலில் அடித்து விலக்கினாள். குயிலி, குழலி, குமுதா, கயல்விழி, கவினி, சாரல், சங்கமி. குழலி என்றால் குழல் விளக்கு மாதிரி இருக்கிறது என்றாள் பூரணம். குயிலி கருப்பாக இருப்பாள் என்று நினைப்பார்கள். கயல்விழி ஏற்கெனவே தெருவில் மூன்று பேர். இனிஷியலோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்து ‘ஐ. சாரல்’ என்பது ஐயோ சாரல் என்று காதில் விழுகிறது என்றான் ஐயம்பெருமாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சங்கமியைச் சங்கு என்று கூப்பிட்டு ஊதுவார்கள் என்றாள் பூரணம். ஏழு பெயரும் ஏழு பொருளுக்குப் போயின. சாரல் என்று கூப்பிட்டால் அன்றிலிருந்து அச்சாபீஸின் தாள் வெட்டும் எந்திரம் தானாக இறங்கியது. தெய்வநாயகம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “மழ பேச்சு கூட இங்க பேசக் கூடாது போலிருக்கே” என்றார்.

மூன்றாவது மாதத்துக்குள் எண் கணிதம் வந்தது. பெயரின் கூட்டுத்தொகை ஐந்தோ ஆறோ வர வேண்டும், வராவிட்டால் நடுவில் ஒரு எழுத்தைக் கூட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஐயம்பெருமாளின் செத்துப்போன அம்மா பெயர் வந்தது; அந்தப் பெயரை வைத்தால் மருமகள் மாமியார் பெயரைச் சொல்லிப் பிள்ளையை எப்படித் திட்டுவாள் என்று அதுவும் போனது. சரி, பெயர் கிடைக்கிறவரைக்கும் செல்லமாகப் பாப்பா என்று கூப்பிடலாம் என்று குணசுந்தரி சொல்லிவிட்டாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். “பாப்பா பாப்பான்னா அதுவே நிலைச்சிரும், வேண்டாம்” என்று பூரணம் ஆட்டோவைப் பார்த்துச் சொன்னாள். “குட்டியும் வேண்டாம்” என்று ஆட்டுரலைப் பார்த்துச் சொன்னாள். கண்ணு, அம்மு, தங்கம் எல்லாம் அப்படியே போயின. பெற்றவள் பிள்ளையைக் குட்டி என்று கொஞ்சினால் பின்வாசலிலிருந்து ஆட்டுரல் உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. அதைப் பழையபடி கொண்டுபோய்ப் போட இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

ஐந்தாவது மாதம் சூசைமிக்கேல் உள்ளே வந்தார். தெரு நலச் சங்கத்தின் தலைவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மனு வைத்திருக்கிறவர். பத்து வருஷம் மனு எழுதியும் நடக்காதது ஐயம்பெருமாள் உதட்டைப் பிதுக்கினால் நடக்கிறது என்பதை அவர் பார்த்துவிட்டார். ஒரு நாள் சால்வையோடு ஐயம்பெருமாள் வீட்டுக்குப் போனார், மறுநாள் நாற்பது பெயர் எழுதிய தாளோடு அச்சாபீஸுக்கு வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பொருள் எழுதியிருந்தது. டிரான்ஸ்பார்மர். ரேஷன் கடைக் கதவு. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே எந்திரம். சாக்கடை.

“நீங்க இதுல உள்ள பேரச் சொல்லுங்கக்கா. அவரு அந்தந்தப் பொருளப் பாத்து வேண்டாம்பாரு. ஊருக்கே நல்லது.”

“அப்ப பிள்ளைக்கு?”

“பிள்ளைக்கு என்ன அவசரம்? பேரு இல்லாம பிறப்புச் சான்றிதழ் வாங்கியாச்சு. ஒரு வருசத்துக்குள்ள பேரச் சேத்தாப் போதும்லா. அதுக்கப்புறம்கூட எழுதிக் குடுத்துச் சேத்துக்கிடலாம்.”

“நாற்பது பேரும் தீந்து போச்சுன்னா, கடைசில அதுக்கு என்னத்த வைக்க?”

“தமிழ்ல பேருக்கா பஞ்சம்?” என்று சிரித்தார் சூசைமிக்கேல்.

குணசுந்தரி தாளை வாங்கவில்லை. ஆனால் பெயர் யார் சொன்னால் என்ன, வேண்டாம் என்பதற்குத்தான் ஆள் வேண்டும். சூசைமிக்கேலே சொன்னார், ஐயம்பெருமாள் வேண்டாம் என்றான். அவனை முன்னால் நிறுத்தி ஊர் நடந்தது. சாக்கடை முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, பெயரைச் சொன்னார்கள், அவன் கழுத்தைச் சாய்த்துக் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா வேண்டாம்” என்பான், கூட்டம் கைதட்டும். நாற்பது வருஷம் யாரும் அபிப்பிராயம் கேட்காத மனுஷன். அவனுக்கு அந்த நாற்காலி பிடித்துப்போனது.

“ஏ ஐயம்பெருமா, ஒரு பேருக்காவது சரின்னு சொல்லேன்பா” என்று ஒரு நாள் குணசுந்தரி நடுத்தெருவில் வைத்துக் கேட்டாள்.

“பிடிக்கணும்லாக்கா?”

“எது பிடிக்கும்னு சொல்லு.”

“அது வந்தாத் தெரியும்க்கா. எதுனாலும் சரிதான்.”

அவளுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கடைக்குத் திரும்பி, ஒன்பது மாதமாகப் பெயர் எழுதிவந்த நோட்டை எடுத்து மேசையில் அறைந்தாள். மூன்று நோட்டு. பூவின் பெயர், ஆற்றின் பெயர், ராகத்தின் பெயர், பழைய வாக்காளர் பட்டியலிலிருந்து பொறுக்கியது, கல்யாணப் பத்திரிகையில் ‘தாய்மாமன் மகள்’ வரிசையில் கடைசியில் வருகிற பெயர்; ஒவ்வொன்றையும் வாயில் போட்டுச் சொல்லிப் பார்த்து, இனிஷியலோடு சொல்லிப் பார்த்து, கோபத்தில் சொல்லிப் பார்த்து எழுதியது. அதில் நானூற்றுப் பன்னிரண்டு பெயருக்கு வேண்டாம் விழுந்துவிட்டது, கடைசி நோட்டில் கொஞ்சம்தான் மிச்சம். நானூற்றுப் பன்னிரண்டும் இப்போது குழாய், கதவு, மாடு, மரம், மோட்டார்.

பத்தாவது மாதம் பேச்சியம்மாள் தனியாக வந்தாள், இடுப்பில் குழந்தை. உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை, முகமெல்லாம் வெயில். இத்தனை நாளில் பெயர் விஷயமாக அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவளை யாரும் கூட்டிவந்ததும் இல்லை.

“இது யாரு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குக்கா” என்றாள். “காது கேக்காதோன்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். கேக்குதாம். எல்லாத்துக்கும் திரும்புது. கரண்டி விழுந்தா திரும்புது. நான் கூப்பிட்டா மட்டும் திரும்பல. நான் என்னன்னு கூப்பிட? எதச் சொன்னாலும் வேற ஏதாவது வந்து நிக்கி.”

குணசுந்தரி பேனாவை எடுத்தாள். “உனக்கு எப்படிப் பேரு வேணும் பேச்சி?”

“எதுனாலும் சரிதான்க்கா.”

பேனா சுவரில் பட்டு மூடி தனியே தெறித்தது. குழந்தை திரும்பிப் பார்த்தது. தெய்வநாயகம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போனார். குணசுந்தரி எழுந்து போய்ப் பேனாவையும் மூடியையும் பொறுக்கி வந்தாள். பிறகு வேறு மாதிரி கேட்டாள்.

“சரி, பேர விடு. நீ இவள எங்க நின்னு கூப்பிடுவ?”

பேச்சியம்மாள் யோசித்தாள். “பாத்தி வரப்புல நின்னுதான். இவ நடக்க ஆரம்பிச்சா பின்னாலயே வருவா. அங்க காத்து பேயா அடிக்கும்க்கா. இன்னு, இல்லுன்னு முடியுற பேருல்லாம் பாதி வழிலயே விழுந்துரும். ஆ-ன்னு வாயத் திறந்து முடியணும், அதுதான் அந்தக் கரை வரைக்கும் போவும். நீளமாவும் இருக்கக் கூடாது. ஓடுத பிள்ளைய நீளமா கூப்பிட முடியாதுல்லா.”

பத்து மாதத்தில் முதல் தடவையாகக் குணசுந்தரிக்கு ஒரு பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தது. சாமியும் நட்சத்திரமும் அல்ல, ஒரு வரப்பும் எதிர்க்காற்றும். இருக்கிற மிச்சத்தில் மூன்று தேறின: நீலா, மாயா, தேவா. பேச்சியம்மாள் மூன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து நீலாவில் நின்றாள், அவள் முகம் லேசாக மலர்ந்தது. பூரணத்திடம் சொல்ல வீட்டுக்கு ஓடினாள். அரை மணி நேரத்தில் பூரணம் வீட்டுக் கொல்லையில் ஒரு பசு மாடு நீலா ஆயிற்று. மற்ற இரண்டும் என்னவாயின என்று குணசுந்தரி கேட்கவேயில்லை.

ஒரு வருஷம் முடிய ஆறு நாள் இருக்கும்போது சூசைமிக்கேல் பெரிய காரியம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். உப்பளத்துக்குக் கடல் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயின் மதகு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நான்கு பேர் தொங்கினால்தான் திறக்கும். அதற்கு ஒரு பெயர் போய் உட்கார்ந்தால் கூப்பிட்டதும் திறக்கும். சாயங்காலம் நான்கு மணிக்குத் தெருவே கால்வாய்க் கரையில் கூடியது. ஐயம்பெருமாளுக்கு நாற்காலி, இளநீர். கடைசி நோட்டில் மிச்சமிருந்த பெயர்களைச் சூசைமிக்கேல் எப்படியோ நகலெடுத்து வைத்திருந்தார். ‘போதும், நிறுத்துங்க’ என்று சொல்லத்தான் குணசுந்தரி போயிருந்தாள், ஆனால் அவள் சொல்லுவதை யாரும் காதில் வாங்கவில்லை. இவ்வளவு பெரிய மதகுக்குச் சின்னப் பெயர் தாங்குமா, பெரிய பெயராக வைக்க வேண்டாமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

பேச்சியம்மாள் குழந்தையைத் தார்ப்பாய் மேல் பூரணத்திடம் விட்டுவிட்டு, பாத்தியில் பாதியில் நின்ற உப்பைக் கூட்டி முடிக்கப் போயிருந்தாள். பூரணம் பெரிய பெயர்க் கட்சி. அவள் எழுந்து நின்று கையை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போது குழந்தை பாயை விட்டு இறங்கியது. தவழ்ந்து, ஈர மண்ணைக் கடந்து, கால்வாயின் சரிவை நோக்கிப் போனது. தண்ணீர் வெயிலில் மின்னியது. குழந்தைக்கு அது பிடித்திருந்தது போல.

அந்தக் கரையிலிருந்து பேச்சியம்மாள்தான் பார்த்தாள். நடுவில் இரண்டு பாத்தி அகலம். அவள் ஓடிக்கொண்டே கத்தினாள். பாப்பா என்று கத்தினாள், தூரத்தில் ஆட்டோ ஒலி எழுப்பியது. குட்டி என்று கத்தினாள், ஊருக்குள் ஆட்டுரல் உருளத் தொடங்கியது. கண்ணு, தங்கம், நிலா, அல்லி, நீலா, வாயில் வந்ததெல்லாம் கத்தினாள். எங்கோ தண்ணீர் கொட்டியது, மாடு கதறியது, சாலையில் பேருந்து நின்றது, பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்தது, ஊரிலுள்ள அத்தனையும் அவளுக்கு ஏனென்று கேட்டன. குழந்தை மட்டும் திரும்பவில்லை. அதன் முன்னங்கைகள் சரிவில் இறங்கிவிட்டன.

அப்போது அவளிடம் பெயர் எதுவும் மிச்சமில்லை. பெயர் இல்லாத வாயிலிருந்து, அந்தச் சீமையில் எந்தப் பொம்பளையையும் எவரும் கூப்பிடுகிற ஒரு சத்தம் வந்தது.

“ஏளா!”

குழந்தை நின்றது. கழுத்தைத் திருப்பித் தாயைப் பார்த்தது. சரிவில் அப்படியே சப்பென்று உட்கார்ந்து, இரண்டு பல்லும் தெரியச் சிரித்தது.

கிட்டத்தில் இருந்தவள் குணசுந்தரிதான். ஓடிப்போய்ச் சேற்றில் விழுந்து குழந்தையை வாரி எடுத்தாள். கூட்டம் திரும்பியது. பேச்சியம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்து குழந்தையைப் பிடுங்கி, உப்பு ஒட்டிய கையால் அதன் முகத்தைத் தடவி, இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். ஏளா. குழந்தை அவள் மூக்கைப் பிடித்தது.

ஐயம்பெருமாள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான். கழுத்தைச் சாய்த்தான். உதடு பிதுங்கியது. “இதெல்லாம் ஒரு பேரா, இது வே—”

குணசுந்தரி சேறு அப்பிய உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள். இந்தப் பக்கம் பூரணம் வாயைத் திறந்ததைப் பார்த்து, “நீங்களும் வாயத் திறந்தீங்கன்னா பிடிச்சுக் கால்வாய்ல தள்ளிருவேன்” என்றாள். சொன்ன குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பூரணம் வாயை மூடிக்கொண்டாள்.

“பேச்சி, சுருக்கச் சொல்லு. வேணுமா உனக்கு இந்தப் பேரு?”

“வேணும்க்கா” என்றாள் பேச்சியம்மாள். “இதுதான் வேணும்.”

நானூற்றுச் சொச்சம் வேண்டாமுக்குப் பிறகு அந்தப் பிள்ளை விஷயத்தில் சொல்லப்பட்ட முதல் வேணும் அது. காற்று அடித்துக்கொண்டிருந்தது, அந்தச் சொல் கரை முழுவதும் எல்லோருக்கும் கேட்டது. சூசைமிக்கேல் கையிலிருந்த தாளைப் பார்த்தார், மதகைப் பார்த்தார், பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகும்போது ஐயம்பெருமாளின் வாயைத் துண்டால் கட்டியே கூட்டிப்போனார்கள். தாய் தகப்பன் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். எழுத்தர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, “இங்லீசுல எப்படி எழுதணும்?” என்று மட்டும் கேட்டார், குணசுந்தரி எழுதிக் காட்டினாள். மொழி என்ன, அர்த்தம் என்ன, எந்த எழுத்தில் தொடங்குகிறது, கூட்டினால் எத்தனை வருகிறது என்று அவர் கேட்கவில்லை, அதற்கான கட்டங்கள் விண்ணப்பத்தில் கிடையாது. முத்திரை விழுந்ததும் துண்டை அவிழ்த்தார்கள். ஐயம்பெருமாள் கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் குழந்தையின் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரி, “ஏளா” என்றான். அது திரும்பி அவனைப் பார்த்தது. இத்தனை மாதமாக நாற்காலியில் உட்கார்ந்து கிடைக்காத ஏதோ ஒன்று கிடைத்தவன் போல அவன் கண் கலங்கிவிட்டது.

ஒரு சங்கடம் மட்டும் வந்தது. அந்தச் சொல் இப்போது ஒருத்தியுடையது ஆகிவிட்டதால், உப்போடையில் வேறு எந்தப் பெண்ணும் அதற்குத் திரும்பவில்லை. காது கேட்கத்தான் செய்தது, ஆனால் குழாய்ச் சத்தம் மாதிரி, காக்கைச் சத்தம் மாதிரி கேட்டுவிட்டுப் போனது. காப்பி கேட்ட புருஷன்மார்கள் காப்பி வராமல் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வருஷம் அந்த ஒரு சத்தத்தை வைத்தே குடும்பம் நடத்தியவர்கள், பெண்டாட்டியின் பெயரை யோசித்து எடுத்து, கூச்சப்பட்டு, தொண்டையைச் செருமிச் சொல்ல வேண்டியிருந்தது. சூசைமிக்கேல் தன் மனைவியை ரெஜினாமேரி என்று கூப்பிட்டபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரோ விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் அச்சாபீஸுக்கு வந்து, தங்கள் கல்யாணப் பத்திரிகையின் பழைய பிரதி ஏதும் இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். பெயர் ஞாபகமிருக்கிறது, முழுப் பெயர்தான் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். குணசுந்தரி எரிச்சலோடு தேடி எடுத்துக் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் அவள் கணினி முன்னால் ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகையைக் கோத்துக்கொண்டிருந்தாள். பின்னால் தெய்வநாயகம் தாள்கட்டோடு வந்து நின்று ஏதோ கூப்பிட்டார், அவள் காதில் விழவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். காக்கைச் சத்தம். அப்புறம் தாள்கட்டை மேசையில் வைக்கிற சத்தம். அவர் அங்கேயே நிற்பது மட்டும் தெரிந்தது.

“குணசுந்தரி” என்றார்.

குரல் நடுவில் உடைந்து, கடைசி எழுத்து சரியாக வரவில்லை. அவளுடைய கை விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றது. ஊருக்கெல்லாம் பெயர் சொல்லுகிறவள். அவளை ஊர் அக்கா என்றது, அச்சாபீஸ் அம்மா என்றது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புகுந்த வீட்டில் இந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆறு எழுத்து. சத்தமாகச் சொன்னால் இப்படியா இருக்கும்?

கேட்டுவிட்டது அவளுக்கு. ஆனாலும் திரும்பவில்லை, இன்னொரு தரம் சொல்லட்டும் என்று திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.